புகை படாத இடத்தில் புகையின் தடம்

சிகரெட் புகை கண்ணில் பட்டால் எரியும், நீர் வரும், கசக்கினால் சிவக்கும். புகைக்கும் கண்ணுக்கும் உள்ள பகை அவ்வளவுதான் என்பது நம்மில் பெரும்பாலோர் எண்ணம். தோலைப் பற்றிய எண்ணமும் இப்படித்தான்: விரல் நுனியில் மஞ்சள் கறை, உதட்டில் கருப்பு, சட்டையில் நாற்றம். இவை எல்லாமே புகை நேரடியாகப் பட்ட இடங்கள். கண்ணில் வரும் நீர் புகையைக் கழுவிவிடுகிறது, விரலின் கறை சில வாரங்களில் போய்விடுகிறது. புகையிலை கண்ணையும் தோலையும் உண்மையில் கெடுக்கும் வழி இதுவல்ல. உள்ளிழுத்த புகை நுரையீரலில் நின்றுவிடுவதில்லை. அதிலிருக்கும் நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு, காட்மியம் போன்ற உலோகங்கள், எண்ணற்ற வினைத்துடிப்புள்ள மூலக்கூறுகள் எல்லாம் இரத்தத்தில் ஏறி உடல் முழுவதும் சுற்றுகின்றன. ஆகவே கண்புரை, மாகுலா சிதைவு, வயதுக்கு முந்திய முகச் சுருக்கம் மூன்றையும் வெளியிலிருந்து வந்த தீங்காகப் பார்க்கக் கூடாது, உள்ளிருந்து வந்த தீங்காகப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கு மிக வலுவான சாட்சி, புகை ஒருபோதும் தொட்டிராத இடங்களில் கிடைக்கிறது.

அப்படிப்பட்ட முதல் இடம் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். 2001-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். புகைபிடிப்பவர்கள் 14 பேர், பிடிக்காதவர்கள் 19 பேர். எல்லோருடைய பிட்டத்திலிருந்தும் துளியளவு தோலை எடுத்துச் சோதித்தார்கள். ஏன் அந்த இடம்? வெயில் படாது, புகை படாது, முகத்தசைகளைப் போல அந்தத் தோலைச் சுருக்கி விரிக்கும் தசைகளும் அங்கே இல்லை. தோலுக்கு விறைப்பைத் தரும் கொலாஜன் என்ற புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. அதை உற்பத்தி செய்யும்படி செல்லுக்குப் போகும் உத்தரவு, புகைபிடிப்பவர்களின் தோலில் மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் இருந்தது. மறு வருடம் பின்லாந்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது: புகைபிடிப்பவர்களின் தோல் புதிய கொலாஜனை உண்டாக்கும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெட்டுவது கூடுகிறது, நெய்வது குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2007-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். 82 பேரின் மேற்கையின் உள்பக்கத்தை, வெயிலே படாத அந்தப் பகுதியை, படமெடுத்து, யார் யார் என்று தெரியாத நடுவர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். வயதுக்கு அடுத்தபடியாக, ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி சிகரெட் என்ற கணக்குத்தான் அந்தச் சுருக்கங்களோடு பொருந்தியது.

முகச் சுருக்கம் பற்றிப் பேசும்போது உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. புகைபிடிப்பவர் உதட்டைக் குவித்து உறிஞ்சுகிறார், புகை கண்ணில் படாமலிருக்கக் கண்ணை இடுக்குகிறார், இதைப் பல்லாண்டு திரும்பத் திரும்பச் செய்தால் கோடு விழத்தானே செய்யும், இதில் இரத்தத்துக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1971-இல் இந்தத் துறையையே தொடங்கிவைத்த அமெரிக்க மருத்துவர் டேனியலின் ஆய்வும் கடைக்கண்ணில் விழும் விரிகோடுகளைப் பற்றியதுதான். இதைத் தீர்க்க இரட்டையர்களைவிடச் சிறந்த வழி இல்லை. ஓஹாயோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கிறது. 2007 முதல் 2010 வரை அங்கே வந்தவர்களில், ஒருவர் புகைபிடித்து மற்றவர் பிடிக்காத ஜோடிகளையும், இருவரும் பிடித்தாலும் பிடித்த காலத்தில் குறைந்தது ஐந்தாண்டு வித்தியாசம் உள்ள ஜோடிகளையும் தேர்ந்து, 79 ஜோடிகளின் முகங்களைப் படமெடுத்தார்கள். யார் புகைபிடிப்பவர் என்று தெரியாமலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பயிலும் மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். மேலிமைத் தோல் தொங்கியது, கண்ணுக்குக் கீழே பை விழுந்தது, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு ஆழ்ந்தது, தாடையோரச் சதை தளர்ந்தது எல்லாம் புகைபிடித்தவர் பக்கமே அதிகம். ஆனால் கடைக்கண் கோடுகளிலும், நெற்றிக் கோடுகளிலும், உதட்டைக் குவிக்கும்போது தெரியும் கீழுதட்டு வரிகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உறிஞ்சுவதும் கண்ணை இடுக்குவதும்தான் காரணம் என்றால் முடிவு நேர் எதிராக வந்திருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை எந்தத் தசைப் பழக்கமும் உண்டாக்காது. உள்ளே தாங்கிப் பிடிக்கும் இழை தளர்ந்தால்தான் பை விழும்.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு எல்லை உண்டு. பெரும்பாலானவை வெள்ளைத்தோல் மக்களிடம் செய்யப்பட்டவை. நம் தோலில் உள்ள மெலனின் வெயிலின் சுருக்கத்தை வெகுவாகத் தாமதப்படுத்துகிறது. அதனால் ‘சுருக்கம் வெள்ளைக்காரர் பிரச்சினை’ என்று நாம் நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் வெயிலும் புகையும் தனித்தனிக் காரணங்கள் என்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1991-இல் வந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது. தினம் ஒரு பெட்டி வீதம் 50 ஆண்டு பிடித்ததற்கு ஈடான புகை, சுருக்கத்தின் வாய்ப்பை நான்கு மடங்குக்கும் மேல் கூட்டியது. கடும் வெயில் மட்டும் மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்தபோது 12 மடங்கு. வயலில் வேலை செய்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பவர் இந்த இரண்டு கணக்கிலும் வருகிறார். ஆசியத் தோலில் இது பொருந்துமா என்ற ஐயத்துக்கு, 2001-இல் கொரியர்களிடம் நடந்த ஆய்வு பதில் தந்தது: அங்கும் புகைபிடித்தல் தனியே நின்று சுருக்கத்தைக் கூட்டியது. பீடி இலையில் சுருட்டியது, சிகரெட்டைப் போல ரசாயனம் இல்லாதது என்று சொல்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. தெந்து இலை காற்றைச் சரியாக உள்ளே விடாது, அதனால் பீடி அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவது அதில் குறைவதில்லை.

தோலைவிடக் கண்ணின் லென்ஸ் இன்னும் ஆச்சரியமான சாட்சி. லென்ஸுக்குள் இரத்தக் குழாயே கிடையாது. கருவிழிக்குப் பின்னால் உள்ள நீர்மம்தான் அதற்கு உணவு கொண்டுவந்து கழிவை எடுத்துச் செல்கிறது. அதன் நடுப்பகுதியான உட்கருவில் இருக்கும் புரதம், தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவானது. நாம் 80 வயதில் பார்ப்பதும் அதே புரதத்தின் வழியாகத்தான். அங்குள்ள செல்கள் தங்கள் உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் முன்பே துறந்துவிட்டவை, ஒளி தடையின்றிப் போக வேண்டுமே. புதுப் புரதம் செய்யும் வசதியே அங்கு இல்லை. ஒரு முறை கெட்டால் கெட்டதுதான். குளூட்டதயோன் என்ற பாதுகாப்புப் பொருள் மட்டுமே காவல், வயது ஏற ஏற அது நடுப்பகுதிக்குச் சென்று சேர்வதும் குறைகிறது. புகையிலைச் செடி மண்ணிலிருக்கும் காட்மியத்தை இலையில் சேர்த்துவைக்கும் குணமுடையது. புகைபிடிப்பவர்களின் அகற்றப்பட்ட லென்ஸ்களைச் சோதித்தபோது, மற்றவர்களின் லென்ஸ்களைவிட அதிகக் காட்மியம் கிடைத்திருக்கிறது. இரத்தக் குழாயே இல்லாத ஓர் உறுப்புக்குள், புகை நுழையவே முடியாத கண்ணறைக்குள், புகையிலை இலையின் உலோகம்! லென்ஸைக் காக்கும் சில நொதிகளுக்குத் துத்தநாகம் தேவை. காட்மியம் அந்த இடத்தைப் பறித்துக்கொள்வதாக விளக்குகிறார்கள்.

கண்புரையில் வகைகள் உண்டு. ஓரத்திலிருந்து ஆரக்கால் போல வெண்மை படர்வது ஒன்று, பின்பக்கச் சவ்வை ஒட்டிப் படர்வது ஒன்று, நடுவே மஞ்சளாகிப் பழுப்பாகிக் கடினமாவது ஒன்று. புகையோடு மிக உறுதியாக இணைந்திருப்பது இந்த மூன்றாவது, உட்கருப் புரை. 1992-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் வந்த ஆய்வு இதற்கு அடிப்படை. அதில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் மருத்துவர்கள், 40 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். ஆஸ்பிரினும் பீட்டா கரோட்டினும் பயன்தருமா என்று பார்ப்பதற்காக 1982-இல் சேர்க்கப்பட்ட 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் நாளுக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தவர்களுக்குக் கண்புரை வரும் வாய்ப்பு, எப்போதும் பிடிக்காதவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதில் மருத்துவர்களை மட்டும் எடுத்தது ஏன் முக்கியம் என்றால், புகைபிடிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வெயிலில் உழைப்பவர்கள், சத்தில்லாமல் சாப்பிடுபவர்கள், அந்தக் காரணங்களால்தான் புரை வருகிறது என்ற மறுப்புக்கு இங்கே இடமில்லை. எல்லோரும் ஒரே தொழில், ஒத்த வருமானம், கூரைக்குக் கீழே வேலை. அப்படியும் வித்தியாசம் போகவில்லை. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரின் 2004 அறிக்கை, இது வெறும் தொடர்பு அல்ல, காரணமே என்று உறுதிப்படுத்தியது.

நம் ஊருக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் சிக்கலாகிறது, அதையும் சொல்ல வேண்டும். இந்தியப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் கண்புரை அவர்களை விட்டுவைப்பதில்லை. வெயில், நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்து என்று காரணங்கள் பல. அதோடு டெல்லியில் 1980-களின் இறுதியிலும், பிறகு நேபாள எல்லையிலும் நடந்த ஆய்வுகள், விறகும் வறட்டியும் எரிக்கும் புகைபோக்கியில்லாத அடுப்பில் சமைப்பவர்களுக்குக் கண்புரை கூடுதலாக வருவதைக் காட்டின. சிலர் இதை எடுத்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, சிகரெட் மட்டுமா காரணம்’ என்பார்கள். எனக்கு இது எதிர்ச்சாட்சியாகத் தோன்றவில்லை. எரியும் தழையின் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் லென்ஸ் கெடும் என்பதையே அடுப்படியும் வேறொரு பாதையில் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு அடுப்பை மாற்றும் வாய்ப்பு அவள் கையில் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

உட்கருப் புரைக்கு ஒரு ஏமாற்று குணம் உண்டு. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாத 60 வயதுக்காரர் திடீரென்று, ‘இப்போதெல்லாம் கண்ணாடியே வேண்டாம், பேப்பர் தெளிவாகத் தெரிகிறது’ என்பார். வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். பார்வை திரும்பிவரவில்லை. லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து கடினமாகி, ஒளியை முன்னைவிட அதிகமாக வளைக்கிறது, அதனால் கண் கிட்டப்பார்வை நோக்கி நகர்ந்திருக்கிறது. கிட்டே தெரிவது கூடும், தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் எண் மங்கும். வெள்ளை வேட்டி இளமஞ்சளாகத் தெரியும், கருநீலமும் கருப்பும் பிரித்தறிய முடியாமல் போகும். இப்படி ஆகும்போது கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதிய பவர் வாங்குவதோடு நிறுத்திவிடாமல், கண் மருத்துவரிடம் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு முழுச் சோதனை செய்துகொள்வது நல்லது.

இங்கேதான் மிகப் பலமான மறுப்பு வருகிறது. புரை வந்தால் என்ன, ஆபரேஷன் இருக்கிறதே. குறிப்பாகத் தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு எடை அதிகம். மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை கிராமம் கிராமமாக முகாம் நடத்தி, இலவசமாகவும் குறைந்த செலவிலும் செய்துவரும் அறுவை சிகிச்சைகளை உலகமே படிக்கிறது. 1992-இல் தொடங்கப்பட்ட அவர்களின் ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையைச் சாதாரண மக்களுக்கு எட்டும்படி இறக்கியது. கெட்ட லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாம் என்றால் புகையை ஏன் விட வேண்டும்? கண்புரை மட்டுமே கதை என்றால் நான் இதற்கு வலுவாகப் பதில் சொல்ல மாட்டேன். நன்கு பழுத்துக் கடினமான புரையை உடைத்து உறிஞ்ச அதிக அதிர்வாற்றல் தேவை, நாள்பட்ட புகை இருமல் உள்ளவர் மேஜையில் படுத்திருக்கும்போது இருமினால் அறுவை மருத்துவருக்குச் சங்கடம், இவை எல்லாம் சிறிய பதில்கள். பெரிய பதில் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20 வயதில் தொடங்கினார், இப்போது 68. நாளுக்கு ஒரு பெட்டி. இரண்டு கண்ணிலும் முற்றிய உட்கருப் புரை. ஆபரேஷன் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது, லென்ஸ் சரியான இடத்தில் உட்கார்ந்தது. கட்டைப் பிரித்த பிறகு வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது, நிறங்கள் திரும்பிவிட்டன, ஆனால் எதிரே நிற்கும் மகளின் முகம் மட்டும் நடுவில் கலங்கிக் கிடக்கிறது. புத்தகத்தில் ஒரு வார்த்தையைப் பார்க்கப் போனால் அந்த வார்த்தைதான் மறைகிறது, பக்கத்து வார்த்தை தெரிகிறது. குடும்பம் ஆபரேஷனைச் சந்தேகப்படும். உண்மையில் அந்தப் புரை அடர்த்தியாக இருந்ததால், அதற்குப் பின்னால் விழித்திரையின் மையம் ஏற்கெனவே சிதைந்திருந்ததை முன்கூட்டிச் சரியாகப் பார்க்க முடியவில்லை. மூடுபனி விலகிய பிறகுதான் பாலம் உடைந்திருப்பது தெரிகிறது. இவருக்கு வந்திருப்பது வயதுசார் மாகுலா சிதைவு. மாகுலா என்பது விழித்திரையின் நடுவே அரை சென்டிமீட்டர் அகலத்தை அதிகம் தாண்டாத பகுதி. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, ஆளை அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. இது கெட்டவர் முழுக் குருடாவதில்லை, ஓரப் பார்வை இருக்கும், வீட்டுக்குள் நடமாடுவார். பார்க்க விரும்பி எதை நோக்கினாலும் அது மட்டும் தெரியாது.

இதை ஏன் புகை கெடுக்கிறது என்பதற்கு அந்த இடத்தின் உழைப்பே விடை. ஒளியுணரும் செல்கள் தினமும் தங்கள் நுனியில் ஒரு பகுதியை உதிர்க்கின்றன, அவற்றின் அடியில் உள்ள நிறமி செல் அடுக்கு அந்தக் கழிவை விழுங்கிச் செரிக்கிறது. அதே செல்தான் வாழ்நாள் முழுக்க, மாற்றில்லாமல், அந்த வேலையைச் செய்கிறது. அடுக்குக்குப் பின்னால் உடலிலேயே மிக அதிக இரத்த ஓட்டமுள்ள குழாய்ப் படுகை ஒன்று இருக்கிறது. ஆகவே இரத்தத்தில் என்ன வந்தாலும் அங்கே தாராளமாக வரும். சேதம் சேரச் சேர, செரிக்காத கொழுப்புக் கழிவு மஞ்சள் புள்ளிகளாகப் படியும். இதை ட்ரூசன் என்பார்கள். பிறகு செல் அடுக்கு மெல்ல உதிர்ந்தால் உலர் வகை. புதிய, பலவீனமான இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்தால் ஈர வகை. ஈர வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிகள் கடந்த 20 ஆண்டுகளில் வந்துவிட்டன, கசிவை நிறுத்துகின்றன, திரும்பத் திரும்பப் போட வேண்டும். இறந்துபோன செல்லை அவை எழுப்புவதில்லை. மாகுலாவை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் ஆபரேஷன் உலகில் எந்த ஊரிலும் வழக்கத்தில் இல்லை.

ஆதாரம் இங்கும் திடமானது. 1996-இல் ஒரே ஆண்டில், ஒரே ‘ஜாமா’ இதழில், அமெரிக்கச் செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் நடந்த இரண்டு தனித்தனி ஆய்வுகள் ஒரே எண்ணைச் சுற்றி வந்து நின்றன: அதிகம் புகைபிடிப்பவர்களுக்கு மாகுலா சிதைவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே உள்ள ப்ளூ மவுண்டன்ஸ் பகுதி மக்களைத் தொடர்ந்து கண்காணித்தபோது, புகைபிடிப்பவர்களுக்கு இது சராசரியாகப் பத்தாண்டு முந்தி வருவது தெரிந்தது. 67 வயதில் படிக்க முடியாமல் போவதும் 77 வயதில் போவதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலிய அரசு 2006-இல் சிகரெட் பெட்டியிலேயே, புகைபிடித்தல் பார்வையைப் பறிக்கும் என்று கண்ணின் படத்தோடு அச்சிட்டது. நம் பெட்டிகளிலும் பீடிக் கட்டுகளிலும் பெரும்பாலும் வாய், தொண்டைப் புற்றின் படங்கள்தான் வந்திருக்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிவிட்ட கண்களுக்கு, அந்தக் கண்களைப் பற்றியே ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

‘எங்கள் தாத்தா 90 வயது வரை சுருட்டுப் பிடித்தார், கடைசிவரை கண்ணாடியில்லாமல் பஞ்சாங்கம் படித்தார்’ என்ற வாதம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. தாத்தா பொய் சொல்லவில்லை. இரண்டரை மடங்கு என்பது எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் கொள்ளக் கூடாது. யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலுக்குக் கடிவாளமிடும் ஒரு புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு மாகுலா சிதைவு எளிதில் வரும் என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றமும் புகையும் ஒருவரிடம் சேர்ந்தால் ஆபத்து மிகப் பெரிதாகிறது. பஞ்சாங்கம் படித்த தாத்தாவிடம் அந்த மாற்றம் இல்லாமலிருந்திருக்கலாம். அவருடைய பேரனுக்குப் பாட்டியின் மரபணுவும் வந்திருக்கிறதே.

இதையெல்லாம் கேட்டபிறகு, ‘சரி, கண்ணுக்கு நல்ல விட்டமின் மாத்திரை சாப்பிட்டுவிடுகிறேன்’ என்பவர்கள் உண்டு. இந்த மாத்திரையின் கதை இந்தத் துறையிலேயே அதிகம் அறியப்பட வேண்டியது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. விட்டமின் சி, விட்டமின் ஈ, துத்தநாகம், 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சேர்ந்த மாத்திரை, நடுத்தர நிலை மாகுலா சிதைவு உள்ளவர்களுக்கு அது முற்றுவதை ஐந்தாண்டில் ஏறத்தாழ கால் பங்கு குறைத்தது. நோயே இல்லாதவருக்கு அது வராமல் தடுப்பதாக அந்த ஆய்வு காட்டவில்லை, இதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1994-இல், பின்லாந்தில் 29 ஆயிரம் ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வு அதிர்ச்சி தந்திருந்தது. நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பித் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். புற்று குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வும் இதே காரணத்தால் 1996-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. புகையால் புண்பட்ட நுரையீரலில் அந்தப் பொருள் காவலாக நிற்காமல் எதிராகத் திரும்புகிறது.

ஆகவே கண்ணுக்கு நல்லது என்று கொடுக்கப்பட்ட மாத்திரை, புகையால் கண் கெட்டவருக்கே ஆபத்தாகும் விசித்திர நிலை. 2013-இல் முடிவு வெளியான இரண்டாவது ஆய்வில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற இரண்டு நிறமிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தற்போது புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுக்கவே இல்லை. அப்படியும் அதை எடுத்துக்கொண்ட குழுவில் நுரையீரல் புற்று மற்ற குழுவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைபிடித்து விட்டவர்கள். மருந்துக்கடையில் கண்ணுக்கான மாத்திரை வாங்குபவர், இன்று பிடித்தாலும் என்றோ விட்டிருந்தாலும், பட்டையின் பின்புறம் பீட்டா கரோட்டின் என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். லூட்டீனும் ஸியாஸாந்தினும் உள்ள மாத்திரை கிடைக்கிறது. கேரட் சாப்பிடுவதைப் பற்றி இந்தப் பயம் வேண்டியதில்லை, ஆபத்து மாத்திரையின் அளவில்தான்.

விட்டால் என்ன திரும்பும்? ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், விட்டவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு ஆண்டு ஏற ஏறக் குறைந்தது, ஆனால் 20 ஆண்டு கடந்த பிறகும் எப்போதும் பிடிக்காதவர் நிலைக்கு வரவில்லை. லென்ஸின் புரதம் மாறாது என்பதை நினைத்தால் இது எதிர்பார்த்ததே. மாகுலாவில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. செவிலியர் ஆய்வில் 15 ஆண்டு வரை பெரிய குறைவு தெரியவில்லை, பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் 20 ஆண்டுக்கு மேல் விட்டவர்கள் பிடிக்காதவர்களுக்கு இணையாக வந்தார்கள். தோலில், விழுந்த மடிப்பு போவதில்லை, இரத்த ஓட்டம் திரும்புவதால் நிறமும் காயம் ஆறும் தன்மையும் தேறுகின்றன. இந்தக் கணக்கை வைத்து ‘அறுபதில் விட்டு என்ன பயன்’ என்று கேட்பவர், தன் மாகுலா 80-லும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதுவரை அவரே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கண்ணால் கட்டம் போட்ட தாளின் நடுப்புள்ளியை ஒரு முழ தூரத்தில் பார்க்க வேண்டும். தாள் இல்லையென்றால் ஜன்னல் கம்பியோ சுவரில் பதித்த டைல்ஸின் கோடோ போதும். பிறகு அடுத்த கண். இரண்டையும் ஒன்றாகத் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும், பலர் ஒரு கண் போனதே தெரியாமல் மாதக்கணக்கில் இருப்பது இதனால்தான். நேர்க்கோடு வளைந்து நெளிந்து தெரிந்தாலோ, நடுவில் ஒரு கட்டம் காணாமல் போனாலோ, அது ஈர வகையின் கசிவாக இருக்கலாம். அடுத்த முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கசிவு புதிதாக இருக்கும்போது போடும் ஊசியும், வடு விழுந்த பிறகு போடும் ஊசியும் ஒரே பலனைத் தருவதில்லை.